தேர்வுக்கு முன் வகுப்புக் குழுவை மியூட் செய்யப் போகிறீர்களா? என் தங்கைக்கு நடந்ததைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்

என் தங்கை நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் கடலூருக்குப் போய் பி.எஸ்சி. படிக்கிறாள். நவம்பர் மாதம், வேதியியல் பிராக்டிகல் தேர்வு நடந்த ஒரு புதன்கிழமை, மதியம் 1 மணிக்குக் கல்லூரி வாசலில் போய் இறங்கினாள். இரண்டாம் பேட்ச் ஒன்றரை மணிக்கு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். உள்ளே போனால், அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறார்கள். "ஏய், காலையில எங்கடி போன? உன் நம்பரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று ஒருத்தி கேட்டபோதுதான் இவளுக்கு விஷயமே தெரிந்தது. இரண்டு பேட்சுக்கும் சேர்த்துக் காலை ஒன்பதரைக்கே தேர்வு வைத்து முடித்துவிட்டார்கள்.

அன்று இரவு அவள் அழுதுகொண்டே சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, நான் நேத்து ராத்திரிகூட குரூப்பைப் பார்த்தேனே, அதுல ஒண்ணுமே இல்லியே" என்பதுதான். அவள் பொய் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாள்வாரியாகப் பின்னால் போய்ப் பார்த்தோம். அறிவிப்பு அங்கே இருந்தது. அவள் குழுவைத் திறந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைப் புரிந்துகொண்டால்தான் மியூட் செய்வதைச் சரியாகச் செய்ய முடியும். அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிக்க உட்கார்ந்தவள், குழுவை மியூட் செய்தாள். வாட்ஸ்அப்பில் மூன்று கால அளவுகள் வரும்: 8 hours, 1 week, Always. அவள் Always என்பதைத் தொட்டாள். அதோடு நிற்காமல் கண்ணில் படக் கூடாது என்று ஆர்க்கைவிலும் போட்டாள். திங்கட்கிழமை மாலை, மறுநாள் மழை விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. அதனால் செவ்வாயன்று நடக்க இருந்த வேறொரு துறையின் பிராக்டிகல் புதன் மதியத்துக்குத் தள்ளிப் போனது. லேப் அவர்களுக்கு வேண்டும். ஆகவே என் தங்கையின் வகுப்புக்கு இரண்டு பேட்சும் புதன் காலையிலேயே என்று கையால் எழுதிய ஒரு சுற்றறிக்கையை ஆசிரியர் ஒருவர் படம் பிடித்துக் குழுவில் போட்டார். படத்துக்குக் கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குப் பிறகு மழை, விடுமுறை, எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று முந்நூறுக்கும் மேல் செய்திகள் அதன் மேல் விழுந்தன.

செவ்வாய் இரவு இவள் ஆர்க்கைவைத் திறந்து குழுவுக்குள் போனாள். கடைசியில் இருந்த பத்துப் பதினைந்து செய்திகளைப் பார்த்தாள். எல்லாம் 'ஆல் த பெஸ்ட்'. சந்தேகத்துக்கு 'practical' என்று தேடினாள், 'batch' என்று தேடினாள். அவள் தேடலில் வந்ததெல்லாம் போன வாரத்துப் பழைய செய்திகள். சரி, மாற்றம் ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டாள். படிக்காத செய்திகளின் எண்ணிக்கை அத்தோடு மறைந்து போனது.

இதில் அவளை ஏமாற்றியவை மூன்று. தேடல் எழுத்தைத்தான் தேடும். படத்துக்குள் இருக்கும் கையெழுத்தைத் தேடாது. டேட்டா மிச்சம் பிடிக்க அவள் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருந்ததால், வேகமாக மேலே தள்ளிப் பார்த்திருந்தாலும் அது மங்கலான ஒரு கட்டமாகத்தான் தெரிந்திருக்கும். மூன்றாவது, குழுவைத் திறந்துவிட்டாலே எல்லாவற்றையும் படித்த மாதிரி எண்ணிக்கை காணாமல் போய்விடும். மியூட் செய்தது மட்டும்தான் தவறு என்று வீட்டில் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு ஐந்நூறு தடவை டிங் டிங் என்று அடிக்கும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாராலும் படிக்க முடியாது. மியூட் செய்யத்தான் வேண்டும். எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மியூட் செய்யும் அன்று

கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் இருந்ததுபோல் இங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் யாரும் வகுப்புக்கு வந்து சொல்ல மாட்டார்கள். அதுவும் தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் கல்லூரிப் பக்கமே போக மாட்டீர்கள். அந்த நாட்களில் உங்களுக்கும் துறைக்கும் நடுவில் இருப்பது அந்தக் குழு மட்டும்தான். அதனால் மியூட் பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இனி வரப்போகும் எந்தெந்த விஷயங்கள் மாறக்கூடும் என்று எழுதுங்கள். ஹால் டிக்கெட் வாங்கும் நாள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள், பிராக்டிகல் பேட்ச், எழுத்துத் தேர்வு காலையா மதியமா. பெரும்பாலும் இந்த நான்குதான். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்று உங்களுக்குத் தெரிந்த தேதியையும் நேரத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குழுவைப் பார்க்கும்போது எதைத் தேடிப் போகிறோம் என்பது இந்தத் தாளால்தான் தெளிவாகும்.

அடுத்து, குழுவில் உண்மையான அறிவிப்பு போடுகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள். 60 பேர் இருக்கும் குழுவில் அது மூன்று அல்லது நான்கு பேராகத்தான் இருக்கும்: துறைத் தலைவர், வகுப்பு ஆசிரியர், லேப் உதவியாளர், வகுப்புப் பிரதிநிதி. அவர்கள் எண்களைப் பெயரோடு போனில் சேமித்துவிடுங்கள். செய்திகளை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது வெறும் எண்ணாக இருந்தால் கண் நிற்காது. பெயர் இருந்தால் நிற்கும்.

இப்போது மியூட் செய்யலாம். ஆண்ட்ராய்டு போனில் குழுவைத் திறந்து மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் Mute notifications வரும். ஐபோனில் குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் அதே அமைப்பு இருக்கும். 8 hours என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 1 week, Always இரண்டும் வேண்டாம். எட்டு மணி நேரம் முடிந்தவுடன் ஒலி தானாகத் திரும்பி வரும். மறுபடி மியூட் செய்ய நீங்கள் குழுவைத் தேடி வந்தே ஆக வேண்டும். அந்த ஒரு கட்டாயம்தான் இங்கே நமக்கு வேண்டியது. Always என்று போட்டால் அப்படி ஒரு நேரமே வராது.

ஆர்க்கைவ் செய்யாதீர்கள். ஆர்க்கைவ் செய்த குழு, Keep chats archived என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும் வரை, எத்தனை புதுச் செய்தி வந்தாலும் பட்டியலுக்கு மேலே வராது. கண்ணில் படாதது மனதிலும் நிற்காது. அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: பட்டியலில் குழுவின் பெயரை அழுத்திப் பிடித்து, குண்டூசிப் படத்தைத் தொட்டுப் பின் செய்துவிடுங்கள். குழு பட்டியலின் உச்சியில் நிற்கும், ஆனால் சத்தம் போடாது.

பார்க்கும் முறை

ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். காலையில் எழுந்தவுடன் ஒன்று, இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்று. இரவு வேளையை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மழைக்காலத்தில் மறுநாள் விடுமுறையா இல்லையா என்பது பல நாட்களில் மாலைக்குப் பிறகுதான் தெரிய வரும். அதை ஒட்டித் துறையில் முடிவெடுத்து அறிவிப்புப் போட இன்னும் நேரமாகும்.

குழுவுக்குள் போனதும் கீழே இருக்கும் கடைசிச் செய்தியிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் மேலே பாருங்கள். யாராவது ஒரு செய்தியைப் பின் செய்திருந்தால் குழுப் பெயருக்குக் கீழே ஒரு பட்டையாக அது தெரியும். அடுத்து, நீங்கள் விட்ட இடத்தில் படிக்காத செய்திகள் இத்தனை என்று ஒரு கோடு இருக்கும். அங்கிருந்து கீழ்நோக்கிப் படித்து வாருங்கள். முந்நூறு செய்திகளாக இருந்தாலும் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அதற்குக்கூட நேரமில்லை என்றால் என் தங்கை செய்யாமல் விட்ட ஒன்றையாவது செய்யுங்கள். குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் Media, links, and docs என்று ஒரு பகுதி இருக்கும். அதில் படங்கள் எல்லாம் வரிசையாக, புதியவை முதலில் வரும்படி இருக்கும். பிடிஎஃப் கோப்புகள் தனியாக இருக்கும். நம் கல்லூரிகளில் சுற்றறிக்கை பெரும்பாலும் கையெழுத்தும் முத்திரையுமாகத்தான் வரும். அதைப் படம் பிடித்துத்தான் போடுவார்கள். தேடலில் சிக்காத அந்தப் படம் இங்கே உடனே கண்ணில் படும். வெள்ளைத் தாள் மாதிரி தெரிகிற எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். மங்கலாக இருந்தால் தொட்டு இறக்குங்கள். ஒரு படத்துக்குச் செலவாகும் டேட்டா மிகச் சிறியது. போனில் இடம் நிரம்பியிருந்தால் படம் இறங்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும். தேர்வு வாரத்துக்கு முன்னால் பழைய வீடியோக்களை அழித்துக் கொஞ்சம் இடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி படித்துக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டால், பஸ் வந்துவிட்டால், அப்படியே வெளியே வந்துவிடாதீர்கள். பட்டியலில் குழுவை அழுத்திப் பிடித்து Mark as unread என்பதைத் தொடுங்கள். ஒரு புள்ளி மறுபடி தோன்றும். இன்னும் முடிக்கவில்லை என்று அது நினைவூட்டும்.

சில குழுக்களில் மறைந்துபோகும் செய்தி அமைப்பைப் போட்டு வைத்திருப்பார்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அதில் மூன்று கால அளவு உண்டு. உங்கள் குழுவில் 24 மணி நேரம் என்று இருந்தால், இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்க்கிற பழக்கத்தில் அறிவிப்பு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. குழுத் தகவலில் Disappearing messages என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் அட்மினிடம் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு ஆள் வேண்டும்

எந்த அமைப்பைவிடவும் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். குழுவை மியூட் செய்யாத ஒரு தோழியிடமோ நண்பனிடமோ நேராகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது மாறுச்சுன்னா எனக்கு போன் பண்ணிச் சொல்லிடு" என்று. மெசேஜ் போடச் சொல்லாதீர்கள், கூப்பிடச் சொல்லுங்கள். குழுவை மியூட் செய்தாலும் தனி ஆளிடமிருந்து வரும் அழைப்பு வழக்கம்போல அடிக்கும். குழுவிலேயே @ போட்டு உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலும், உங்கள் செய்திக்கு யாராவது பதில் போட்டாலும் மியூட்டைத் தாண்டி அறிவிப்பு வரும்.

ஆனால் போன் முழுவதையும் Do Not Disturb வைத்திருந்தால் இது எதுவும் கேட்காது. அதற்கும் வழி உண்டு. அந்த ஒருவரின் எண்ணை விருப்பப் பட்டியலில் நட்சத்திரமிட்டுச் சேர்த்து, அவர்கள் அழைப்பை மட்டும் அனுமதிக்கும்படி அமைத்துவிடலாம்.

என் தங்கைக்கும் தோழிகள் இல்லாமல் இல்லை. நெருங்கியவள் ஒருத்தி திங்கட்கிழமையே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். குழுவில் எல்லோரும் இருக்கிறார்கள், இவளும் பார்த்திருப்பாள் என்று நினைத்துவிட்டாள். தேர்வுக் கூடத்தில் இவளைக் காணோம் என்றதும் பதறிப் போனாள், ஆனால் அவள் போன் பைக்குள் அணைந்து வெளியே இருந்தது. முன்னாலேயே சொல்லி வைத்திருந்தால் அந்த ஒரு அழைப்பு திங்கட்கிழமையே வந்திருக்கும்.

மழை நாளில் கூடுதல் கவனம்

நம் பக்கத்தில் நவம்பர், டிசம்பர் என்றால் செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், அதற்கடுத்த நாட்களில் பெண்ணையாற்று வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் கரண்ட் இருக்காது, டவர் இருக்காது. மியூட் செய்தாலும் செய்யாவிட்டாலும் குழுவில் ஒன்றும் வராது. இணைப்பு திரும்பும்போது இரண்டு நாள் செய்தி ஒரே கொத்தாக விழும். அப்போது குழுவை நம்பாமல், வகுப்புப் பிரதிநிதிக்கோ துறைக்கோ போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மழை விடுமுறையில் பிள்ளைகள் குழம்பும் இடம் இன்னொன்று. கடலூர் மாவட்டத்துக்கு விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். புதுச்சேரிக்கு அறிவிப்பது அந்த அரசு. பாகூரிலோ கன்னியக்கோவிலிலோ வீடு, படிப்பது கடலூரில் என்றால், வீட்டு டிவியில் ஓடும் புதுச்சேரி விடுமுறை உங்கள் கல்லூரிக்குப் பொருந்தாது. அப்புறம், விடுமுறை வேறு, பல்கலைக்கழகத் தேர்வு ஒத்திவைப்பு வேறு. கல்லூரிக்கு விடுமுறை என்றால் தேர்வு என்ன ஆனது என்பதைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு எப்போதோ வந்த ஒத்திவைப்பு அறிவிப்பை யாராவது மறுபடி ஃபார்வர்டு செய்வதும் ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. சுற்றறிக்கையின் மேல் மூலையில் இருக்கும் தேதியையும் வருடத்தையும் படிக்காமல் நம்பாதீர்கள்.

அறிவிப்பு போடுகிறவர்களுக்கு

இதை வகுப்புப் பிரதிநிதிகள் யாராவது படித்தால், தயவுசெய்து படத்தை மட்டும் போடாதீர்கள். அதன் கீழே இப்படி இரண்டு வரி தட்டச்சு செய்யுங்கள்: 'வேதியியல் பிராக்டிகல் நேரம் மாற்றம். பேட்ச் 1, பேட்ச் 2 இரண்டுக்கும் புதன் காலை 9.30. மதியம் தேர்வு இல்லை.' பழைய நேரம் ரத்து என்பது அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது, அதை விடாதீர்கள். பிறகு அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துப் பின் செய்யுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். 7 நாள் போடுங்கள். நேரம் முன்னுக்கு வந்திருக்கிறது என்றால், அதாவது மதியம் காலையாகவோ வியாழன் புதனாகவோ மாறியிருந்தால், பாதிக்கப்படும் பேட்சில் உள்ளவர்களை @ போட்டுப் பெயர் பெயராகக் குறிப்பிடுங்கள். பின்னுக்குத் தள்ளிப் போனால் வராதவர் யாரும் இல்லை, சீக்கிரம் வந்து காத்திருப்பார்கள், அவ்வளவுதான். முன்னுக்கு வரும்போதுதான் ஆள் தவறிப் போகிறார்.

அட்மின்கள் மட்டும் எழுதக்கூடிய இரண்டாவது குழு ஒன்று தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது. குழு அமைப்பில் Group permissions என்ற இடத்தில் உறுப்பினர்கள் செய்தி அனுப்புவதை நிறுத்தலாம். நாளுக்கு ஒன்றிரண்டு செய்திதான் வரும் என்பதால் அதை யாரும் மியூட் செய்யத் தேவையே வராது.

தவறவிட்டது தெரிந்துவிட்டால்

வீட்டுக்குத் திரும்பாதீர்கள். என் தங்கை வாசலிலேயே நின்று அழுதிருந்தால் அன்று எல்லாம் போயிருக்கும். அவள் ரெக்கார்டு நோட்டையும் ஹால் டிக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவரிடம் போனாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் இன்னும் கிளம்பவில்லை. மதிப்பெண் பட்டியல் உறையில் போட்டு ஒட்டப்படவில்லை. இந்த இரண்டும்தான் அவளைக் காப்பாற்றின. பட்டியல் மூடப்பட்டுவிட்டால் வரவில்லை என்று பதிவாகிவிடும். அதற்குப் பிறகு துறைத் தலைவரே நினைத்தாலும் செய்யக்கூடியது குறைவு.

"மேடம், நேரம் மாறினது எனக்குத் தெரியல. மதியம்னு நினைச்சு இப்பதான் வரேன். ரெக்கார்டு கையெழுத்தோட இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். மியூட், ஆர்க்கைவ், தேடல் என்று எதையும் விளக்கவில்லை. அது சரிதான், அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மற்ற துறைப் பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்த லேபின் ஒரு ஓரத்தில் அவளுக்கு ஒரு பியூரெட் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் அனுமதித்தார்கள்.

பெர்மாங்கனேட் டைட்ரேஷன். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கிவிட்டுத்தான் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரத்தில் அது போதுமான சூடு ஏறுவதற்குள் வேகமாக விட்டுவிட்டாள். இளஞ்சிவப்பு வருவதற்குப் பதில் கரைசல் பழுப்பாகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி செய்தாள். ஒத்துப்போகும் இரண்டு அளவீடுகள் எடுத்து முடிக்கும்போது நேரம் தீர்ந்திருந்தது, கணக்கின் கடைசிப் பகுதி எழுத முடியவில்லை. தேர்ச்சி பெற்றுவிட்டாள், ஆனால் ரெக்கார்டில் அவள் வழக்கமாக வாங்கும் மதிப்பெண்ணுக்கும் இதற்கும் நல்ல வித்தியாசம்.

இந்த செமஸ்டருக்கு அவள் குழுவை மறுபடியும் மியூட் செய்திருக்கிறாள், எட்டு மணி நேரத்துக்கு. நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் டிங் என்றது. இடது கையால் எடுத்துப் படங்கள் பகுதியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹால் டிக்கெட் வெள்ளிக்கிழமை தராங்களாம்" என்றாள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் வியாழன் என்று இருந்ததை எழுந்து போய் அடித்துத் திருத்தினாள்.